கழுந்தும் துளையும்: தச்சுப் பயிற்சி மாணவரின் இணைப்புக்கு மதிப்பெண் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தச்சு வேலை கற்றுக்கொடுப்பவர்களும் செய்முறைத் தேர்வு நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லா இணைப்புகளையும் ஒரே பக்கத்தில் அடக்க முடியாது என்பதால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

நிலைச்சட்டம் ஒன்று, குறுக்குச்சட்டம் ஒன்று. இரண்டும் 60 மி.மீ. அகலம், 30 மி.மீ. கனம். குறுக்குச்சட்டத்தின் முனையில் கழுந்து. நிலைச்சட்டத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகும் துளை. கழுந்து 10 மி.மீ. கனம், 40 மி.மீ. அகலம். மேலும் கீழும் 10 மி.மீ. தோள், முன்னும் பின்னும் 10 மி.மீ. தோள். முழுக்கக் கைக்கருவிகளால் செய்ய வேண்டிய வேலை. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த இணைப்பைப் பற்றியவைதான்.

நூறு மார்க்கை எப்படிப் பிரிக்கிறது?

அளவுக்கு 30, பொருத்தத்துக்கு 30, முடிப்பு வேலைக்கு 15, கருவிப் பாதுகாப்புக்கு 25 என்று பிரிப்பது என் வழக்கம். முடிப்புக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று பலர் கேட்பார்கள். முதல் வருட மாணவர் உப்புத்தாள் போட்டு அழகாக்குவதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். கோட்டை விட்டு விலகாமல் ரம்பம் ஓட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். எது கடினமோ அதற்குத்தான் மதிப்பெண் அதிகம் இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கான 25 மட்டும் மற்றவற்றோடு கூட்டிச் சமாளிக்க முடியாத பகுதி. அதில் குறைந்தது 18 வாங்காதவர் மொத்தத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தேர்ச்சி இல்லை. இதை வேலை தொடங்கும் முன்பே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் அது தண்டனையாகத்தான் படும்.

வேலை முடிஞ்சு ஒட்டின பிறகு மொத்தமா பார்த்து மார்க் போட்டா போதாதா?

போதாது. பெரும்பாலான மதிப்பெண் தாள்கள் தவறுவது இந்த இடத்தில்தான். இணைப்பு மூடியதும் பாதி சாட்சியம் உள்ளே போய்விடும். துளையின் சுவர் நேராக இருந்ததா, கழுந்தின் அடியில் ரம்பம் தாண்டி வெட்டியிருந்ததா என்பதெல்லாம் அதன்பின் யாருக்கும் தெரியாது. தோளில் இருந்த இடைவெளியைப் பசையும் மரத்தூளும் அடைத்துவிடும்.

அதனால் நான்கு கட்டங்களில் நிறுத்திப் பார்க்கிறேன். கோடு போட்டு முடித்ததும் ஒரு தடவை. வெட்டி முடித்து, கோப்பதற்கு முன் இரண்டு துண்டுகளும் தனித்தனியாக மேஜையில் இருக்கும்போது ஒரு தடவை. பசை இல்லாமல் கோத்ததும் ஒரு தடவை. எல்லாம் முடிந்து துடைத்த பிறகு ஒரு தடவை. இரண்டாவதும் மூன்றாவதும்தான் முக்கியம். அளவும் பொருத்தமும் சேர்ந்து 60 மதிப்பெண்ணும் அங்கேதான் தீர்மானமாகின்றன. "நான் பார்க்காமல் கோக்காதே, நான் பார்க்காமல் ஒட்டாதே" என்று இரண்டே விதி சொன்னால் மாணவருக்கும் குழப்பம் இருக்காது.

கோடு போட்ட கட்டத்தில் நான் மதிப்பெண் போடுவதில்லை, குறிப்பு மட்டும் எழுதிக்கொள்வேன். முகப்புக் குறி இரண்டு துண்டிலும் இருக்கிறதா, கேஜை முகப்பில் வைத்துத்தான் இழுத்தாரா, தோள் கோடு கத்தியால் போட்டதா பென்சிலால் போட்டதா என்று நாலு வரி. பின்னால் ஒரு பிழை தெரியவரும்போது அது எங்கே தொடங்கியது என்பதற்கு இந்தக் குறிப்புதான் பதில் சொல்லும்.

எதையெல்லாம் அளக்கணும்? எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் விடலாம்?

ஆறு அளவுகள் போதும், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். குறுக்குச்சட்டத்தில் தோளிலிருந்து மறுமுனை வரை நீளம், 200 மி.மீ. கழுந்தின் அகலம், 40. துளையின் நீளம், 40. நிலைச்சட்டத்தின் மேல்முனையிலிருந்து துளை தொடங்கும் இடம், 110. முகப்பிலிருந்து துளைச் சுவர் வரை, 10. முகப்பிலிருந்து கழுந்தின் கன்னம் வரை, 10.

அரை மி.மீ. வரை கூடினாலோ குறைந்தாலோ முழு 5. அதைத் தாண்டி 1 மி.மீ. வரை 3. அதற்கு மேல் போனால் பூஜ்யம். கைவேலையில் முதல் வருட மாணவருக்கு இது நியாயமான எல்லை. இதைவிட நெருக்கினால் மரத்தின் ஈரம்கூட மதிப்பெண்ணைத் தின்றுவிடும். மரம் நீளவாட்டில் கிட்டத்தட்ட மாறாது. குறுக்குவாட்டில் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அதனால் வெட்டிய அன்றே அளந்து எழுதிவிடுங்கள். நாலு நாள் கழித்துக் கழுந்தின் அகலத்தை அளந்து குறை சொல்வது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

கழுந்தின் கனத்தையும் துளையின் அகலத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணத்தோடுதான் விட்டிருக்கிறேன். துளையின் அகலத்தை முடிவு செய்வது உளி. 10 என்று பேர் போட்ட உளி, பலமுறை தீட்டப்பட்டதில் 9.8 ஆகவும் இருக்கலாம். கேஜின் இரண்டு முட்களையும் அந்த உளியின் வாய்க்கு ஏற்ப வைத்துக்கொள்வதே சரியான முறை. அப்படிச் செய்தவருக்கு வரைபடத்தில் 10 என்று இருக்கிறதே எனக் குறைக்கக் கூடாது. கழுந்து தன் துளையோடு எப்படிச் சேர்கிறது என்பதே கேள்வி; அது பொருத்தத்தின் கணக்கில் வரும்.

அளக்கிற ஸ்கேலும் மட்டமும் சரியா இருக்குன்னு எப்படி நம்புறது?

மூலைமட்டத்தைச் சோதிப்பது சுலபம். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் மட்டத்தின் பிழை அந்த விலகலில் பாதி. ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து கழித்துக்கொள்ளுங்கள். கழுந்து, துளை போன்ற சிறிய அளவுகளுக்கு வெர்னியர் காலிப்பர்தான் வேண்டும். மாணவர் கோடு போட்ட அதே மட்டத்தை வைத்தே நீங்கள் சோதித்தால், மட்டத்தின் பிழை உங்கள் கண்ணில் படவே படாது. வேறொன்றை வைத்துச் சோதியுங்கள்.

ஒரே தப்புக்கு மூணு இடத்துல மார்க் போகுதேன்னு பசங்க புலம்புறாங்க. நியாயம்தானே?

நியாயம்தான். அவர்கள் பக்கம் நிற்கிறேன்.

முகப்பிலிருந்து கழுந்து வரை 10 இருக்க வேண்டியது 10.8 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவில் 2 மதிப்பெண் போனது. அதே காரணத்தால் கோத்த பிறகு குறுக்குச்சட்டத்தின் முகப்பு நிலைச்சட்டத்தைவிட மேலே தூக்கி நிற்கும். முடிப்பில் "இரண்டு முகமும் சமமாக இல்லை" என்று இன்னொரு குறைப்பு. தூக்கியதை இழைப்புளியால் இழைத்தால் சட்டத்தின் கனம் குறையும், அதற்கும் ஒரு குறைப்பு. செய்த பிழை ஒன்று, அபராதம் மூன்று.

நான் வைத்திருக்கும் விதி இது: பிழை முதலில் எந்த இடத்தில் பிறந்ததோ அங்கே மட்டும் குறை. அதன் விளைவாகப் பின்னால் வருபவற்றுக்கு "ஏற்கனவே குறைத்தது" என்று எழுதிவிட்டு விடு. அதற்காகத்தான் முன்பு சொன்ன நாலு வரிக் குறிப்பு. எது முதல் பிழை, எது அதன் வால் என்று பிரிக்க அது இல்லாமல் முடியாது.

விளைவைச் சரிசெய்யப் போய் மாணவர் புதிதாக ஒன்றைக் கெடுத்தால் அது வேறு விஷயம். தூக்கிய முகப்பை இழைக்கும்போது நாரைப் பிய்த்துவிட்டார் என்றால் அது முடிப்பில் தனிப் பிழைதான்.

பொருத்தம் நல்லா இருக்கு, லூசா இருக்குன்னு சொல்றது அவங்கவங்க கை அபிப்பிராயம் இல்லையா?

கையால்தான் பார்க்கிறோம், ஆனால் அபிப்பிராயமாக விட வேண்டியதில்லை. பசை போடாமல் கோக்கும்போது கழுந்து கை அழுத்தத்தில் பாதி வரை போக வேண்டும். மீதிக்குக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினால் போதும். முழுக்கக் கோத்த பின் குறுக்குச்சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் நிலைச்சட்டம் தானாகக் கழன்று விழக் கூடாது. ஆட்டினால் ஆடக் கூடாது. இவ்வளவும் இருந்தால் 10க்கு 10.

தட்டாமலே கடைசி வரை சறுக்கிப் போய், தூக்கினால் கழன்று விழுந்தால் 3க்கு மேல் போடாதீர்கள். சாதாரண மரப்பசை தடித்த இடைவெளியில் பலம் தராது, இரண்டு மரமும் தொட்டு நிற்கும் மெல்லிய இடத்தில்தான் பிடிக்கும்.

மிக இறுக்கமான கழுந்தை "கெட்டி வேலை" என்று பாராட்டும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். ஓங்கி அடித்து இறக்கினால் கழுந்து போகும் வழியிலேயே பசையை வழித்துத் தள்ளிவிடும், துளையின் மேல், கீழ் முனையில் நிலைச்சட்டம் பிளக்கவும் செய்யும். தட்டும்போது சத்தத்தைக் கேளுங்கள். முதலில் மந்தமாக இருந்த சத்தம் தோள் உட்காரும் முன்பே கணீரென்று மாறினால் உள்ளே எங்கோ முட்டுகிறது. உடனே நிறுத்தச் சொல்லிக் கழற்றிப் பாருங்கள். கழுந்தின் கன்னத்தில் பளபளவென்று தேய்ந்த ஒரு திட்டு தெரியும். முட்டிய இடம் அதுதான். துளையை இரண்டு பக்கமிருந்தும் உளி போட்டு நடுவில் சந்திக்கும்போது சுவர் நடுவே வயிறு தள்ளி நின்றுவிடும். தேய்ந்த திட்டுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மாணவர் கழுந்தைச் சீவப் போவார். சீவ வேண்டியது துளையின் வயிற்றை.

தோள் மூடாம இடைவெளி இருந்தா எவ்வளவு குறைக்கணும்? ஏன் அப்படி ஆகுது?

தோளுக்கு மொத்தம் 12. முன், பின் தோள்களுக்கு நாலு நாலு, மேல், கீழ் தோள்களுக்கு இரண்டு இரண்டு. சாதாரண அச்சுத்தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். அது நுழையாவிட்டால் முழு மதிப்பெண். தாள் நுழைந்து, 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழையாவிட்டால் பாதி. 0.3 நுழைந்தால் பூஜ்யம்.

இடைவெளியின் அகலத்தைவிட அதன் வடிவம் அதிகம் சொல்லும். முன்பக்கம் ஒட்டி, பின்பக்கம் முழு நீளத்துக்கும் ஒரே அளவாகத் திறந்திருந்தால், தோள் கோடு சட்டத்தைச் சுற்றி வரும்போது தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வந்து சேரவில்லை. மட்டத்தை முகப்பிலும் அதன் பக்கவாட்டிலும் மட்டுமே அணைத்துக் கோடு போட வேண்டும். நாலு பக்கமும் மாற்றி மாற்றி அணைத்தால் இப்படித்தான் ஆகும். ஒரு ஓரம் ஒட்டி மறு ஓரம் ஆப்பு வடிவில் திறந்திருந்தால் கோடு சரி, ரம்பம் சாய்ந்துவிட்டது. நாலு பக்கமும் ஒரே மாதிரி திறந்திருந்தால் கழுந்தும் தோளும் சேரும் மூலையில் கொஞ்சம் மரம் வெட்டப்படாமல் தங்கியிருக்கும். உளியின் முனையால் அந்த மூலையைச் சுத்தம் செய்தால் தோள் டக்கென்று உட்கார்ந்துவிடும். இந்தக் கடைசி வகையைக் கோத்துப் பார்க்கும் கட்டத்தில் மாணவரே கண்டுபிடித்துச் சரிசெய்தால் நான் ஒன்றும் குறைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்று உண்டு. அது வெளியே தெரியவே தெரியாது. தோளை அறுக்கும்போது ரம்பம் தாண்டி கழுந்துக்குள்ளேயே இறங்கிவிடுவது. தோள் அழகாக மூடும், மேலே பார்த்தால் குறையே இல்லை. ஆனால் 10 மி.மீ. கழுந்தில் இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. ரம்பத் தடம் இறங்கினால் அடியில் மிஞ்சுவது 7 மி.மீ. பாரம் வரும்போது கழுந்து ஒடியும் இடம் அதுவே. கோப்பதற்கு முன் கழுந்தின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு கறுப்புக் கோடு மாதிரி தெரியும். அரை மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத் தோளுக்கான 4 மதிப்பெண்ணும் போகும், அது எவ்வளவு நன்றாக மூடினாலும் சரி.

பொருத்தத்தில் மீதி 8: சதுரத்துக்கு 5, முறுக்கு இல்லாமல் இருப்பதற்கு 3. மூலைமட்டத்தின் 150 மி.மீ. நீளத்தில் அரை மி.மீ. வரை விலகலாம்.

முடிப்புல உப்புத்தாள் போட விடலாமா? மரத்தூள் பசை வச்சு அடைக்கிறதை என்ன செய்றது?

கோத்து நான் பார்க்கும் வரை உப்புத்தாளை எடுக்கவே கூடாது. தோளின் ஓரத்தில் உப்புத்தாள் பட்டால் விளிம்பு உருண்டுவிடும். உருண்ட விளிம்பு எவ்வளவு சரியாக வெட்டியிருந்தாலும் நிழல் விழுந்து இடைவெளி மாதிரி தெரியும். ஒட்டிக் காய்ந்த பிறகு வெளிப்பரப்பில் நார் ஓடும் திசையில் லேசாகத் தேய்க்கலாம். குறுக்கே தேய்த்த கீறல் இருந்தால் குறைக்க வேண்டும்.

தூளும் பசையும் வைத்து அடைப்பதை மறைப்பு வேலையாக நான் எண்ணுவதில்லை. பட்டறையில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் தோளின் இடைவெளிக்கான மதிப்பெண் அதற்கு முன்பே எழுதியாகிவிட்டது, அடைப்பு அதை மாற்றாது. முடிப்பில் பார்ப்பது மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் 5: பரப்பில் நார் பிய்ந்திருக்கிறதா, துளை வெளியே வரும் பக்கத்தில் ஓரம் சிதைந்திருக்கிறதா, பென்சில் கோடு, பசைக் கறை, கிளாம்ப் அழுத்திய பள்ளம் இருக்கிறதா. கேஜ் கோடு லேசாகத் தெரிவதற்கு நான் குறைப்பதில்லை. சில ஆசிரியர்கள் குறைப்பார்கள். எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்புக்கு எப்படி மார்க் போடுறது? நாள் முழுக்க ஒருத்தர் பக்கத்துலயே நிக்க முடியாதே?

நிற்க வேண்டாம். ஆபத்தான வேளைகள் எவை என்று தெரிந்தால் அப்போது மட்டும் போய் ஐந்தைந்து நிமிடம் பார்த்தால் போதும். இந்த வேலையில் அவை நாலு: கழுந்தின் கன்னத்தை ரம்பத்தால் அறுக்கும்போது, துளைக்கு உளி போடும்போது, பொருத்துவதற்காகக் கழுந்தை உளியால் சீவும்போது, மேஜையைச் சுத்தம் செய்யும்போது.

ஐந்து விஷயம், தலா 5 மதிப்பெண். வெட்டும் துண்டு வைஸிலோ கிளாம்பிலோ பிடிபட்டிருக்க வேண்டும். உளியில் இரண்டு கையும் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும், உளி உடலை நோக்கி வரக் கூடாது. ரம்பத்தைத் தொடங்கும்போது கட்டைவிரல் பல்லுக்கு மேலே அலகின் பக்கத்தில் அணைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு இழுப்பு மெதுவாக. பயன்படுத்தாத கருவி மேஜை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உளியை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது பிடி முன்னால் போக வேண்டும். கடைசியாக, உளி அடிக்கும்போது கண்ணாடி, சீவல்களை வாயால் ஊதாமல், கையால் வழிக்காமல் பிரஷால் தள்ளுவது.

பார்க்க வாய்ப்பே கிடைக்காத விஷயத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள். "பார்க்கவில்லை" என்று எழுதி, இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

மழுங்கிய உளியையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். கூர் இல்லாத உளிக்கு அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தம் கூடினால் வழுக்கும், வழுக்கினால் முன்னால் இருப்பதைக் கிழிக்கும். தீட்ட வேண்டிய நேரத்தில் நிறுத்தித் தீட்டிய மாணவரை நேரம் வீணாக்கினார் என்று சொல்லிவிடாதீர்கள்.

இணைப்பு பிரமாதமா இருக்கு, ஆனா உளிக்கு முன்னால கையை வச்சிருந்தான். என்ன பண்றது?

பார்த்த நொடியே நிறுத்துங்கள், மதிப்பெண் தாள் அப்புறம். உளியைக் கீழே வைக்கச் சொல்லி, துண்டை வைஸில் மாட்டச் சொல்லி, அதே வெட்டைச் சரியான பிடியில் செய்யச் சொல்லுங்கள். அந்த விஷயத்துக்கான 5 போய்விட்டது. மறுபடியும் அதே போல் கையை வைத்தால் வேலை அங்கேயே முடிந்தது, இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும். இணைப்பு எவ்வளவு நன்றாக வந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடிபடாமல் முடிந்தது என்பதால் சரி என்று எடுத்துக்கொண்டால், அடிபடுவதற்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் பொருள்.

ஒரு உதாரணம் கணக்கோட போட்டுக் காட்டுங்களேன்.

சரி. ஒரு மாணவரின் துண்டுகள் கோப்பதற்கு முன் மேஜையில் இருக்கின்றன. தோளிலிருந்து முனை 199.3, 0.7 குறைவு, 3 மதிப்பெண். கழுந்தின் அகலம் 39.8, முழு 5. துளையின் நீளம் 40.4, 5. துளை தொடங்கும் இடம் 110.3, 5. முகப்பிலிருந்து துளை 10.1, 5. முகப்பிலிருந்து கழுந்து 10.8; 3 மதிப்பெண். அளவில் மொத்தம் 26.

அந்த 10.8 எங்கிருந்து வந்தது? கழுந்தின் முனையைத் திருப்பிப் பார்த்தால் விடை இருக்கிறது. பின்பக்கத்தில் கேஜ் கோட்டுக்கு வெளியே இன்னும் மரம் நிற்கிறது. அதாவது ரம்பம் கோட்டை ஒட்டிப் போகாமல் வெளியே தள்ளிப் போயிருக்கிறது. முகப்புப் பக்கத்தில் கோடே இல்லை. உளி பட்ட அலை அலையான தடம் மட்டும் இருக்கிறது. கழுந்து இறுக்கமாக இருந்திருக்கிறது, அவர் ஒரே பக்கத்தில் சீவியிருக்கிறார். காலிப்பரை வைத்தால் கழுந்தின் கனம் அடியில் 9.9, முனையில் 9.5. உளி முனைப்பக்கம் சரிந்துவிட்டது.

கோத்துப் பார்க்கிறோம். துளையின் அகலம் 9.9. முனை மெலிந்ததால் கழுந்து முக்கால் வரை தளர்வாகப் போகிறது, கடைசியில்தான் பிடிக்கிறது. தூக்கினால் விழவில்லை, ஆனால் மறுபக்கத் துளைவாயில் லேசாக ஆடுகிறது. 10க்கு 6. முன் தோளில் தாள் நுழையவில்லை, 4. பின் தோளில் தாள் நுழைகிறது, 0.3 நுழையவில்லை, நீளம் முழுக்க ஒரே அளவு, 2. மேல், கீழ் தோள்கள் நன்றாக மூடியிருக்கின்றன, 4. சதுரம் 0.4 விலகல், 5. முறுக்கு இல்லை, 3. பொருத்தத்தில் 24.

கழுந்தின் மெலிவுக்கு அளவிலும் பொருத்தத்திலும் இரண்டு தடவை குறைத்துவிட்டோமா? இல்லை. 10.8 என்பது தவறான பக்கத்தில் சீவியது. முனை மெலிந்தது உளி சரிந்தது. இரண்டும் வேறு வேறு பிழை. பின்பக்கத்தில் நேராகச் சீவியிருந்தால் இரண்டும் இல்லை, முகப்பில் நேராகச் சீவியிருந்தால் முதலாவது மட்டும் இருந்திருக்கும்.

முடிப்பில் குறுக்குச்சட்டம் 0.7 மி.மீ. தூக்கி நிற்கிறது, ஏற்கனவே குறைத்தது, விட்டுவிடுகிறோம். நார் ஓரிடத்தில் சிறிது பிய்ந்திருக்கிறது, 4. துளை ஓரம் இரண்டு பக்கமும் சுத்தம், 5. பசைக் கறையும் கிளாம்ப் பள்ளமும் இருக்கின்றன, 3. மொத்தம் 12.

பாதுகாப்பில் ரம்பம், கருவி வைப்பு, கண்ணாடி, வைஸ் எல்லாம் சரி. ஒரே ஒரு தடவை குறுக்குச்சட்டத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு கழுந்தை அந்தக் கையை நோக்கிச் சீவினார். நிறுத்தினேன், அதன்பின் வைஸில் மாட்டினார். துண்டைப் பிடிக்காததும் கையை முன்னால் வைத்ததும் ஒரே செயல் என்பதால் ஒரு 5 மட்டும் குறைத்து 20.

கூட்டினால் 26, 24, 12, 20, ஆக 82. பாதுகாப்பில் 18ஐத் தாண்டிவிட்டார், தேர்ச்சி.

மாணவரிடம் பேசும்போது எண்ணைவிட இதைத்தான் காட்டினேன்: கையில் பிடித்துச் சீவிய அந்த நிமிடத்தில்தான் உளி முனைப்பக்கம் சரிந்தது. ஆட்டத்துக்கும் 0.4 மெலிவுக்கும் காரணம் அதே பிடிதான். துண்டு வைஸில் இருந்திருந்தால் கையும் பத்திரம், கன்னமும் நேர்.

ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு மார்க் வருது. எப்படிச் சமாளிக்கிறது?

அளவிலும் தோள் இடைவெளியிலும் சண்டை வராது, கருவி சொல்லிவிடும். முடிப்பில்தான் வரும். வேர்ல்டுஸ்கில்ஸ் போட்டிகளில் அளந்து போடும் மதிப்பெண்ணையும் பார்த்துப் போடும் மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். பார்த்துப் போடுவதற்கு மூன்று நடுவர்கள், 0 முதல் 3 வரை, ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாமல் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசி மறுபடி போட வேண்டும். இரண்டு பேர் இருக்கும் பட்டறையிலும் இதைச் செய்யலாம். கூடவே ஏற்கனவே மதிப்பெண் போட்ட மூன்று இணைப்புகளை, நல்லது, நடுத்தரம், மோசம் என்று, அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குவாதம் வந்தால் அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

நேரத்துக்கு மார்க் உண்டா?

முதல் வருடத்தில் வேண்டாம். மேல் எல்லை ஒன்று வைத்தால் போதும். சீக்கிரம் முடித்தால் கூடுதல் மதிப்பெண் என்று அறிவித்தால் முதலில் கைவிடப்படுவது வைஸில் மாட்டும் பழக்கம்தான்.

மரத்துல முடிச்சு இருந்தா, நார் வளைஞ்சு ஓடினா அது பசங்க தப்பா?

மரத்தை நீங்கள் கொடுத்திருந்தால் இல்லை. துளை வரும் இடத்திலும் கழுந்து வரும் இடத்திலும் முடிச்சு இல்லாத துண்டுகளைத்தான் தேர்வுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே பலகையிலிருந்து அறுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. மாணவரே தேர்ந்தெடுத்தது என்றால், முடிச்சைக் கழுந்தில் கொண்டுவந்து வைத்தது அவர் பொறுப்பு. அதனால் நார் பிய்ந்தாலோ கழுந்து விரிசல் விட்டாலோ அது நிகழ்ந்த தலைப்பில் குறைக்கலாம்.

ஒட்டின இணைப்பை அறுத்துப் பார்க்கலாமா?

மதிப்பெண்ணுக்காக வேண்டாம், கற்றுக்கொடுப்பதற்காகத் தாராளமாகச் செய்யுங்கள். பசை முழுதாகக் காய்ந்த பிறகு, சட்டங்களின் 30 மி.மீ. கனத்தை இரண்டாகப் பிளப்பதுபோல் அறுத்தால் துளையின் மேல், கீழ் முனைகள் நேராக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். நிலைச்சட்டத்தின் குறுக்கே, கழுந்தின் வழியாக அறுத்தால் இரண்டு கன்னங்களும் சுவரைத் தொடுகின்றனவா, பசை எங்கே எட்டவில்லை என்பது தெரியும். மேலே சொன்ன மாணவரின் இணைப்பை இந்த இரண்டாவது விதத்தில் அறுத்தால் தோள் பக்கம் மெல்லிய கோடாகத் தொடங்கும் பசை முனைப்பக்கம் போகப் போக ஆப்பு மாதிரி தடித்திருக்கும். அறுத்த பாதியில் மதிப்பெண் தாளை ஒட்டி, அடுத்த குழு கழுந்து வெட்டத் தொடங்கும் நாளில் மேஜையில் வையுங்கள்.